விசாவுக்குப் படம் கேட்டால் அங்கேயே நில்லுங்கள்

டொரன்டோவில் இருந்து வந்த என் பெரியம்மா கட்டுநாயக்கவில் இறங்கி, விசாவுக்கு இரண்டாவது தடவையாகக் காசு கட்டிவிட்டுத்தான் வெளியே வந்தார். வெள்ளவத்தைக்கு வரும் வழியெல்லாம் அந்தப் புலம்பல்தான்.

நடந்தது இதுதான். அவருடைய மகன், எனக்கு அண்ணா, கூகிளில் தேடி, மேலே விளம்பரமாக வந்த தளத்தில் விண்ணப்பித்திருக்கிறார். சிங்கக்கொடி, அரச முத்திரை மாதிரி ஒன்று, எல்லாம் இருந்ததாம். வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் அளவு படம் கேட்டிருக்கிறார்கள். அது சரியில்லை என்று திருப்பி அனுப்பி, 'படத்தைத் திருத்தித் தர' என்று தனியாகக் காசும் எடுத்திருக்கிறார்கள். மொத்தம் 119 டொலர். இலங்கைக்கு வரும் முன் இணையத்திலேயே எடுக்கும் பயண அனுமதிதான் ETA. அதன் உண்மையான விண்ணப்பத்துக்குப் படமே தேவையில்லை. கையொப்பமும் வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ள விவரங்களைத் தட்டி, கார்டில் கட்டினால் போதும். கனடா பாஸ்போர்ட்டுக்கு அப்போது கட்டணம் 50 அமெரிக்க டொலர். படம் திருத்தக் காசு வாங்கியதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

பெரியம்மா கையில் ஒரு தாள் இருந்தது. அதில் இருந்தது 'Application Received' மட்டும். 'Approved' என்று எங்கேயும் இல்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வரிசையில் நின்று அவருடைய முறை வந்தபோது, அதிகாரி பாஸ்போர்ட் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அந்தத் தளம் விண்ணப்பத்தை அனுப்பவே இல்லை. வந்திறங்கியபின் விசா எடுக்கும் 'ஓன் அரைவல்' கவுண்டருக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அது குடிவரவு வரிசைகளுக்கு முன்னாலேயே இருக்கிறது. அங்கே 60 டொலர் கட்டி, ரசீதோடு மறுபடி வரிசையின் வாலில். முழங்கால் வலியோடு.

ஆகவே வரிசையை முடிவு செய்ய வேண்டியது விமானம் ஏறும் முன்பே. www.eta.gov.lk என்று நீங்களே தட்டிப் போங்கள். தளத்தின் பெயர், முதல் சாய்கோட்டுக்கு முன்னால், gov.lk என்றே முடிய வேண்டும். நடுவில் எங்கேயோ வந்தால் போதாது. அதே தளத்தில் 'Check Status' இருக்கிறது. வேறு யார் மூலம் விண்ணப்பித்திருந்தாலும் அங்கே பாருங்கள். Approved என்றால் நேரே வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வரிசை. இல்லையென்றால் முதலில் விசா கவுண்டர், அப்புறம்தான் வரிசை. டொலரைக் கைப்பையில் வைத்திருங்கள், பெட்டிக்குள் அல்ல. பெட்டி குடிவரவு தாண்டித்தான் கிடைக்கும். வருகை அட்டை விசாவோடு சேர்ந்தது அல்ல, அது தனி. அதற்குக் கட்டணமே இல்லை. அதற்கும் காசு கேட்கிற தளங்கள் இருக்கின்றன.

அண்ணா வங்கியில் முறையிட்டிருக்கிறார். பணம் 'ஆலோசனைச் சேவைக்கு' என்று அந்தத் தளம் பதில் போட்டிருக்கிறது. விதிமுறைகளில், அடியில், சின்ன எழுத்தில் அப்படித்தான் எழுதியும் இருக்கிறதாம்.