150 எம்பிபிஎஸ் இணைய வேகம் காட்டி 12 மாதச் சந்தாவைப் பிடுங்கிவிட்டார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். "கேம், மீட்டிங் எதுவும் தடங்காது" என்று சொல்லி மொபைல் டேட்டாவில் அதிவேகத் திட்டம் விற்கும் சேவை அது. விற்றவர் அங்கேயே ஸ்பீட் டெஸ்ட் ஓட்டிக் காட்டினார். 150 எம்பிபிஎஸ். அந்த முள் ஏறியதைப் பார்த்துத்தான் 12 மாதச் சந்தாவையும் மொத்தமாகக் கட்டினேன்.

மீட்டிங்கில் குரல் துண்டு துண்டாகப் போகிறது என்றால் ஒரே பதில்: "ஸ்பீட் வருதா சார்? வருதுல்ல? அப்ப உங்க போன்தான்." மறுபடி கேட்டால், "ரீஸ்டார்ட் பண்ணுங்க."

ஏமாற்று அந்த டெஸ்டிலேயே இருக்கிறது. பெரும்பாலும் பக்கத்துச் சர்வருக்குப் பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து, எவ்வளவு டேட்டா கொட்டுகிறது என்று அளப்பதுதான் ஸ்பீட் டெஸ்ட். வீடியோ மீட்டிங்குக்குச் சில எம்பிபிஎஸ் போதும், கேமுக்கு அதைவிடக் குறைவு. இரண்டுக்கும் வேண்டியது, பாக்கெட் எனப்படும் சின்ன டேட்டா துண்டுகள் நேரத்துக்கு வந்து சேர்வது. போய்த் திரும்பும் நேரம் பிங்; அது ஒவ்வொரு முறையும் மாறுகிற அளவு ஜிட்டர்.

லேப்டாப்பில் போனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து (ஹாட்ஸ்பாட் வேண்டாம், வைஃபை தடங்கலும் கணக்கில் கலந்துவிடும்), போனில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்து, லேப்டாப் வைஃபையை அணைத்துவிட்டு, விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் இதை ஓட்டுங்கள்:

```
ping -n 100 1.1.1.1
```

லினக்ஸ், மேக் என்றால் `-n`க்குப் பதில் `-c`.

அடுத்தடுத்து 40, 45, 42, 260, 43 மில்லிசெகண்ட் வந்தால் சராசரி 86. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் 5, 3, 218, 217. அதன் சராசரி, அதாவது ஜிட்டர், சுமார் 111. குரல் பொதுவாக 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட்டாகப் போகும். நடுவில் 200 மில்லிசெகண்ட் தடங்கினால் பத்துப் பாக்கெட் தாமதம். செயலி கொஞ்சம் காத்திருக்கும், அதற்கும் பிந்தி வந்ததைத் தூக்கி எறிந்துவிடும். அங்கேதான் வார்த்தை அறுபடுகிறது. கேமில் எதிராளி சட்டென்று இடம் மாறித் தோன்றுவதும் இதனால்தான். மாறாமல் 90-லேயே நிற்கும் பிங் இதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொரு விஷயம்: பிங் ஓடும்போதே ஒரு பெரிய வீடியோவை அப்லோட் செய்யுங்கள். 40 என்பது 400, 500 என்று ஏறினால், அப்லோட் வரிசையில் பாக்கெட்டுகள் தேங்குகின்றன என்று அர்த்தம். பின்னணியில் ஓடும் போட்டோ பேக்கப்பே இதைச் செய்யும். அதை நிறுத்தியும் எண்கள் குதித்தால் பெரும்பாலும் சிக்னலோ டவர் நெரிசலோதான் காரணம். எத்தனை எம்பிபிஎஸ் வாங்கினாலும் அது தீராது. இதைச் சொன்னதற்கும் "ஸ்பீட் வருதுல்ல சார்" என்றே பதில். 12 மாதச் சந்தா, திருப்பித் தர மாட்டார்களாம்.

அவசரமாக நாலு வார்த்தை: ஒரு மாதத்துக்கு மேல் கட்டாதீர்கள். நெரிசலான மாலை நேரத்தில் சோதியுங்கள். சராசரியை விட்டு அதிகபட்ச எண்ணைப் பாருங்கள். பிங்கைப் பாதியாக்கும் பூஸ்டர் ஆப் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள், டவர் நெரிசலை ஆப்பால் குறைக்க முடியாது.