ஆள் மணியா, இயந்திர மணியா?

சிஎன்சி லேத்தில் ஷாஃப்ட் கடைந்து, கையால் புஷ்ஷும் பொருத்தித் தரும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். பொருளும் கூலியும் போக, மின்சாரம், மேற்பார்வை போன்ற மாத மேல்செலவு 3,00,000 ரூபாய். அதை ஒவ்வொரு பொருளின் விலையிலும் இரண்டு வழிகளில் பங்கிடலாம்.

முதல் வழி, மொத்தத்தையும் அந்த மாதம் ஆட்கள் வேலை செய்த 1,500 ஆள் மணிகளால் வகுப்பது. மணிக்கு 200 ரூபாய். கணக்கு சுலபம், அதனால்தான் பலரும் இதையே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஷாஃப்டுக்கு அரை மணி இயந்திரம் ஓடினாலும், ஒரே ஆள் பல லேத்துகளைப் பார்ப்பதால் அவர் நேரம் 12 நிமிடம்தான். ஆகவே மேல்செலவு 40 ரூபாய். பொருளும் கூலியும் 320 என்றால் அடக்கவிலை 360. 400க்கு விற்றால் லாபம்போலத் தெரியும்.

இரண்டாவது வழி, செலவைக் காரணம் பார்த்துப் பிரிப்பது. லேத்தின் மின்சாரம், தேய்மானம், பராமரிப்பு 2,40,000. இதை லேத்துகள் ஓடிய 600 இயந்திர மணிகளால் வகுத்தால் மணிக்கு 400. மேற்பார்வை முதலான மீதி 60,000 ஆள் மணிக்கு 40. இப்போது ஷாஃப்டின் பங்கு 200 கூட்டல் 8, அடக்கம் 528. 400க்கு விற்பது நஷ்டம்! கைவேலை அதிகமுள்ள புஷ்ஷோ இதுவரை ஷாஃப்டின் செலவையும் சுமந்திருக்கிறது.

வங்கி அதிகாரி விலையைக் கேள்வி கேட்டால் இரண்டாவது வழிக் கணக்கை வைத்தே பதில் சொல்ல முடியும். ஒன்று கவனியுங்கள்: 600 என்பது வழக்கமான மாத ஓட்டமாக இருக்கட்டும். ஆர்டர் குறைந்த மாதத்தின் 400 மணியால் வகுத்தால், சும்மா நின்ற லேத்தின் செலவும் விலையில் ஏறிவிடும்.