மூக்குத் தண்டை மட்டும் நிமிர்த்துவதா, வெளி வடிவத்தையும் சேர்த்துச் செய்வதா?

32 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பள்ளி நாளில் கிரிக்கெட் பந்து மூக்கில் பட்டது. வீக்கம் வடிந்ததும் வீட்டில் அதை மறந்துவிட்டார்கள். இப்போது வலது பக்கம் எப்போதும் அடைப்பு, இரவில் வாயால்தான் மூச்சு. மூக்கும் இடது பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, மேலே ஒரு மேடு தெரிகிறது. அவர் முன்னால் மூன்று வழிகள் உண்டு: உள்ளே இருக்கும் தண்டை மட்டும் நிமிர்த்தும் செப்டோபிளாஸ்டி, இப்போது அதைச் செய்துவிட்டு, வடிவத்தைப் பிறகு பார்ப்பது, இரண்டையும் ஒரே நாளில் முடிக்கும் செப்டோரைனோபிளாஸ்டி.

எதற்கும் முன்னால் அலர்ஜியைப் பார்க்க வேண்டும். அடைப்பு பக்கம் மாறி மாறி வருகிறது, தும்மலும் நீரும் சேர்ந்து வருகின்றன என்றால் நாலு முதல் ஆறு வாரம் ஸ்டீராய்டு ஸ்ப்ரே போட்டுப் பார்ப்பது முறை. அலர்ஜியை எந்த அறுவை சிகிச்சையும் தீர்க்காது. நம்மவருக்கு ஒரே பக்கம், ஸ்ப்ரேயிலும் அசையாத அடைப்பு. அதனால் தண்டு வளைவுதான் முக்கியக் காரணம்.

செப்டோபிளாஸ்டி எளிது. கீறல் உள்ளே மட்டும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் முடியும், ஒரு வாரத்தில் அலுவலகம் போகலாம். வெளியே மூக்கு நேராக இருந்து உள்ளே மட்டும் வளைவு இருப்பவருக்கு இதுவே போதும். வேறு எதையும் யாரும் விற்கத் தேவையில்லை. நம்மவர் கதை வேறு. அவருக்கு எலும்பும் மேல் குருத்தெலும்பும் சேர்ந்தே சாய்ந்திருக்கின்றன. அவை தண்டை இழுத்துப் பிடித்திருக்கும்போது உள்ளே மட்டும் நிமிர்த்தினால் அடைப்பு பாதிதான் தீரும்.

'இப்போது மூச்சு, அப்புறம் அழகு' என்று இரண்டாகப் பிரிப்பது செலவுக்கும் பயத்துக்கும் சௌகரியமாகத் தெரியும். எனக்கு இதில்தான் அதிக தயக்கம். செப்டோபிளாஸ்டியில் முன்பக்கமும் மேல்பக்கமும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குத் தாங்கு சட்டத்தை விட்டுவிட்டு, வளைந்த குருத்தெலும்பை எடுப்பார்கள். பிறகு வடிவம் திருத்தும்போது ஒட்டு வைக்க வேண்டியது அதே குருத்தெலும்புதான். அது போய்விட்டால் காதிலிருந்தோ விலா எலும்புப் பகுதியிலிருந்தோ எடுக்க வேண்டும். உள்ளே தழும்பும் இருக்கும். பிரித்துத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் அதை முதல் டாக்டரிடமே சொல்லிவிடுங்கள், முடிந்தவரை குருத்தெலும்பை மிச்சம் வைப்பார்.

சேர்த்துச் செய்வது பெரிய வேலை. முழு மயக்கம், இரண்டு மூன்று மணி நேரம் அல்லது அதற்கு மேலும் ஆகும், எலும்பையும் வெட்டி நகர்த்த வேண்டும். இதில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. மேட்டைச் சீவினால் மூக்கின் நடுக்கூரை திறந்துகொள்ளும். தாங்கல் இல்லாமல் விட்டால் இரண்டு பக்கச் சுவர்களும் உள்ளே சரிந்து, மூச்சுவழியின் மிகக் குறுகிய இடத்தை இன்னும் நெருக்கும். அதைத் தடுக்கத் தண்டின் இரு பக்கமும் மெல்லிய குருத்தெலும்புப் பட்டைகளை வைப்பார்கள். இதற்கு ஸ்ப்ரெடர் கிராஃப்ட் என்று பெயர். "மேட்டை எடுத்த பிறகு நடுப்பகுதியை எப்படித் தாங்குவீர்கள்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்தில் அவசரப்பட வேண்டாம்.

குணமாகும் காலமும் இரண்டுக்கும் வேறு. சேர்த்துச் செய்தவருக்கு ஏறக்குறைய ஒரு வாரம் மூக்கின் மேல் ஸ்ப்ளின்ட், கண்ணைச் சுற்றி இரண்டு வாரம் வரை நீலம். ஆறு வாரத்துக்கு மூக்குக்கண்ணாடியின் பாரம் மூக்கில் விழக் கூடாது. முதல் வாரங்களில் உள்வீக்கத்தால் மூச்சு முன்பைவிட மோசமாகக்கூட இருக்கும். அதைப் பார்த்து ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. மூன்று மாதத்தில் வீக்கத்தின் பெரும்பகுதி வடியும், நுனி சரியாகத் தெரிய ஒரு வருடம் ஆகும். தோல் தடிமனாக இருந்தால் இன்னும் கூடும்.

எந்த வழியில் செய்தாலும், முதல் நாட்களில் இரண்டு பக்கமும் திடீரென அடைத்து, வலி கூடிக்கொண்டே போனாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தண்டில் ரத்தம் கட்டியிருக்கலாம். வெளியேற்றாமல் விட்டால் குருத்தெலும்பு அழிந்து மூக்கு நடுவில் பள்ளமாகிவிடும்.

வடிவத்தைப் பொறுத்தவரை நம்மவர் எதிர்பார்க்கக்கூடியது தெளிவாக நேரான ஒரு மூக்கு, அளவுகோல் வைத்த மூக்கு அல்ல. பல வருடம் வளைந்திருந்த குருத்தெலும்பு கொஞ்சம் திரும்பப் பார்க்கும். முகத்தின் இரு பாதியுமே சமமாக இருப்பதில்லை. தடித்த தோலில் கூரான நுனி தெரியாது. கணினியில் காட்டும் படம் பேசிப் புரிந்துகொள்ள மட்டுமே. சிலருக்கு இரண்டாம் திருத்தம் தேவைப்படும். பொதுவாக அதற்கும் ஒரு வருடமாவது காத்திருக்கச் சொல்வார்கள்.

இன்ஷூரன்ஸ் பொதுவாக மூச்சுக்கான பகுதிக்குக் கிடைக்கும், அதுவும் காத்திருப்புக் காலம் முடிந்திருந்தால். அழகுக்கான பகுதி கையிலிருந்துதான். இரண்டையும் தனித்தனியாக எழுதிய மதிப்பீட்டை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி, கம்பெனியின் ஒப்புதலையும் எழுத்தில் பெற்றுவிடுங்கள்.