கடைவாய்ப் புண்ணுக்கு ‘எல்லாவற்றுக்கும் கேட்கும்’ கிரீம்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

வாயின் இரண்டு ஓரங்களும் சிவந்து, வெடித்து, வாயைத் திறந்தாலே எரிகிறது என்று மருந்துக்கடைக்குப் போகிறீர்களா? கடைக்காரர் நீட்டும் கிரீம் டியூபில் ‘குளோபெட்டசால்’ என்ற பெயர் இருந்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் கடைவாயில் பூசாதீர்கள். என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குமரி மாவட்டத்தில் இதே கிரீமை இதே புண்ணுக்கு வாங்கிப் பூசுகிறவர்கள் எத்தனையோ பேர் என்று விசாரிக்க விசாரிக்கத்தான் தெரிந்தது.

அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. மேல், கீழ் இரண்டு தாடையிலும் பல்செட். மழைக்காலத்தில் கடைவாய் இரண்டிலும் புண் வந்தது. மீன் குழம்பின் புளி பட்டாலே துடித்துப்போவார். தேங்காய் எண்ணெய் தொட்டுப் பார்த்தார், கேட்கவில்லை. ஊரில் உள்ள ஒரு மருந்துக்கடையில் புண்ணைக் காட்டியபோது கடைக்காரர் யோசிக்கவே இல்லை. “பயப்பட வேண்டாம் அம்மா, இது எல்லாவற்றுக்கும் கேட்கும். பூஞ்சையாக இருந்தாலும் போகும், கிருமியாக இருந்தாலும் போகும்” என்று ஒரு டியூபைக் கொடுத்தார். மருத்துவர் சீட்டு கேட்கவில்லை. பில்லும் கொடுக்கவில்லை.

முதல் சில நாட்களில் புண் மாயமாக ஆறியது. சிவப்பு வெளுத்தது, எரிச்சல் நின்றது. அம்மா கடைக்காரரை வாயார வாழ்த்தினார். பூசுவதை நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. மறுபடி பூசினால் அடங்கும், விட்டால் வெடிக்கும். கடையில் போய்ச் சொன்னால் “விடாமல் பூசுங்கள், வேர் போக வேண்டும்” என்றார்கள். இப்படியே வாரங்கள் ஓடின. பிறகு உதட்டைச் சுற்றி மோவாய் வரை பொடிப்பொடியாகச் சிவந்த பருக்கள் கிளம்பின. கடைவாய்த் தோல் மெலிந்து பளபளத்தது. உள்ளே ஓடும் நுண்ணிய இரத்த நாளங்கள் சிவப்பு நூல் போல வெளியே தெரிந்தன.

இடையில் ஒரு தனியார் கிளினிக்குக்கும் போனோம். அங்கே வைட்டமின் குறைவு என்று சொல்லி, போகும்போதெல்லாம் பி காம்ப்ளக்ஸ் ஊசி போட்டுப் பணம் வாங்கினார்கள். இரும்புச்சத்தும் பி வகை வைட்டமின்களும் குறைந்தால் கடைவாய் வெடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஓர் இரத்தப் பரிசோதனைகூட எழுதாமல், வாயைத் திறந்து பார்க்காமல் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பூசிக்கொண்டிருந்த கிரீமின் பெயரைக்கூட அங்கே யாரும் கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதுதான்.

அந்த டியூபின் பின்பக்கத்தில் இருந்த எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். குளோபெட்டசால் 0.05 சதவீதம், நியோமைசின் 0.5 சதவீதம், மைக்கோனசோல் 2 சதவீதம். மூன்று மருந்துகள் ஒரே களிம்பில். மைக்கோனசோல் பூஞ்சைக்கு. நியோமைசின் பாக்டீரியாவுக்கு. குளோபெட்டசால் எந்தக் கிருமியையும் கொல்லாது. அது ஸ்டீராய்டு, அதுவும் தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வலுவான வகை. மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதக் கிரீமோடு ஒப்பிட்டால் இதன் வலிமை பல நூறு மடங்கு. உள்ளங்கை, உள்ளங்கால் போன்ற தடித்த தோலுக்கு மருத்துவர்கள் பார்த்துப் பார்த்து எழுதும் மருந்து இது. கடைவாயில் தோல் மெல்லியது. போதாக்குறைக்கு எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும் மடிப்பு. அங்கே பூசினால் மருந்து இன்னும் ஆழமாக இறங்கும்.

முதலில் புண் ஆறியது போலத் தெரிந்ததற்கும் இதுவே காரணம். சிவப்பும் வீக்கமும் எரிச்சலும் கிருமியோடு நம் உடல் நடத்தும் சண்டையின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. வெளியே அமைதி. உள்ளே பூஞ்சைக்குத் தடை சொல்ல ஆள் இல்லை. நிறுத்தியதும் அடக்கி வைத்த அழற்சி பொங்கிக்கொண்டு திரும்புகிறது. பூசினால் அடங்கி, விட்டால் பெருகும் புண்ணைப் பார்த்தால் டியூபில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

கடைசியில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருந்த டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, “அம்மா, செட்டைக் கழற்றுங்கள்” என்பதுதான். மேல் அண்ணத்தில் டார்ச் அடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். பல்செட்டின் தகடு எங்கெல்லாம் படிகிறதோ அங்கெல்லாம், அதே ஓரக்கோட்டோடு, அண்ணம் செக்கச்செவேல் என்று இருந்தது. அம்மாவுக்கு அங்கே வலியே இல்லை, அதனால் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பல்செட்டுக்கு அடியில் வளரும் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையின் வேலை அது. கடைவாய்க்குப் பூஞ்சை அங்கிருந்துதான் எச்சிலோடு வந்துகொண்டிருந்தது. வெளியே எத்தனை டியூப் பூசினாலும் உள்ளே ஊற்று அப்படியே இருந்தது.

அப்படியானால் பாக்டீரியாவுக்கு என்ன அடையாளம் என்று கேட்டேன். தேன் நிறத்தில், மஞ்சளாகப் பொருக்குக் கட்டினால் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவை நினைக்க வேண்டும். அது பலருக்கு மூக்கினுள்ளேயே குடியிருக்கும், விரல் வழியாக வாயோரத்துக்கு வந்துவிடும். பல்செட் போடுகிறவர், இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் புண், அண்ணத்தில் சிவப்பு அல்லது நாக்கில் வெண்படலம் என்றால் பூஞ்சையை முதலில் நினைக்க வேண்டும். ஆனால் பல பேருக்கு இரண்டும் கலந்தே இருக்கும் என்றும், கண்ணால் பார்த்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது என்றும் அவர் அழுத்திச் சொன்னார். அதனால் கடைவாயிலும் அண்ணத்திலும் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். சர்க்கரையும் ஹீமோகுளோபினும் பார்க்க எழுதினார். அம்மாவுக்கு இரண்டும் சரியாகவே இருந்தன. அத்தனை ஊசி போட்டும் புண் ஆறவில்லை.

ஒற்றி எடுத்த மாதிரியில் கேண்டிடா மிகுதியாக இருந்தது, ஸ்டெஃபிலோகாக்கஸும் கொஞ்சம் வளர்ந்திருந்தது. இரண்டும் இருக்கிறதே, அப்படியானால் கூட்டு மருந்துதானே வேண்டும் என்று நான் நினைத்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்தது மைக்கோனசோல் 2 சதவீதம் மட்டும் உள்ள கிரீம். காரணத்தையும் சொன்னார். மைக்கோனசோல் பூஞ்சை மருந்து என்று பெயர் பெற்றிருந்தாலும், இந்தப் புண்ணில் வரும் ஸ்டெஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளையும் ஓரளவு அடக்கக்கூடியது. ஆகவே கடைவாய்க்கு முதலில் அந்த ஒற்றை மருந்தே பெரும்பாலும் போதும். மஞ்சள் பொருக்கு மிகுந்து, பாக்டீரியாதான் முக்கியக் காரணம் என்று தெரிந்தால் ஃபுசிடிக் அமிலம் 2 சதவீதக் களிம்பு தனியாகக் கொடுப்பார்கள். எங்கள் டியூபில் இருந்த நியோமைசின் இந்த இடத்துக்குப் பொருத்தமான தேர்வே அல்ல. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அதற்கு அவ்வளவாக அடங்காது, பலருக்கு அதுவே தோல் ஒவ்வாமையையும் உண்டாக்கும்.

கூட்டு மருந்தே கூடாது என்பதல்ல. சிவப்பும் எரிச்சலும் தாங்க முடியாமல் இருந்தால் மைக்கோனசோல் 2 சதவீதத்தோடு ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் சேர்ந்த கிரீமை எழுதுவார்கள். அதிலும் ஸ்டீராய்டு உண்டு, ஆனால் மிக மென்மையானது. அதையும் ஏழு நாளுக்கு மேல் பூசக்கூடாது, பிறகு தேவைப்பட்டால் தனி மைக்கோனசோலுக்கு மாறிவிட வேண்டும். அம்மாவுக்கு வாயைச் சுற்றி ஸ்டீராய்டால் பருக்களே வந்துவிட்டதால் அந்த மென்மையான கூட்டு மருந்தும் வேண்டாம் என்றார். பழைய கிரீமை நிறுத்தியதும் சில நாட்கள் முகம் இன்னும் சிவக்கும், பயந்து மறுபடி அதைத் தொட்டுவிடாதீர்கள் என்று முன்னாலேயே எச்சரித்தார். அப்படியே நடந்தது. அம்மா “மக்களே, பழைய மருந்தைக் கொஞ்சமாவது தா” என்று கெஞ்சினார். முன்பே சொல்லியிருந்ததால்தான் எங்களால் தாக்குப்பிடிக்க முடிந்தது.

பூசும் முறையும் முக்கியம். கைகழுவி, கடைவாயை மெல்லிய துணியால் ஒற்றி ஈரம் எடுத்துவிட்டு, பயறளவு கிரீமை இரண்டு பக்கத்துக்கும் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். நாளுக்கு இரண்டு வேளை. புண் மறைந்த பிறகும் பத்து நாள் தொடர வேண்டும். மருந்து எழுதும் முன் டாக்டர், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். மைக்கோனசோல் வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டி இரத்தக்கசிவை உண்டாக்கலாம். வாய்க்குள் போடும் ஜெல்லில் இந்த ஆபத்து அதிகம். இதய வால்வு அறுவை செய்துகொண்டவர்கள் வீட்டில் இருந்தால் இதை மறக்காமல் சொல்லுங்கள். என் அம்மாவுக்குக் கிரீம் கொடுத்த கடையில் அந்தக் கேள்வி எழவே இல்லை.

பல்செட்டை இரவில் கழற்றி வைக்கச் சொன்னார்கள். அம்மா அதுவரை அதைப் போட்டபடியே தூங்குவார். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீத வாய்க்கழுவியில் நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் ஊறவைத்தோம். தேய்ந்துபோன பழைய செட் என்பதால் தாடை உயரம் குறைந்து, உதட்டோரம் உள்ளே மடிந்து, எச்சில் தேங்கிக்கொண்டிருந்தது. அதற்காக வேறு செட் எடுக்க அளவு கொடுத்தோம். கடைவாய் ஆறிவிட்டது. மோவாய்ப் பருக்கள் அடங்கத்தான் இன்னும் நீண்ட காலம் பிடித்தது. சிவப்பு நாளங்கள் முழுவதும் மறையவில்லை.

ஒரு பக்கம் மட்டும் முதலில் சுருக்கென்று குத்தி, பிறகு சிறு கொப்புளங்கள் கொத்தாக வந்தால் அது ஹெர்பிஸ் என்ற வைரஸால் வரும் புண்ணாக இருக்கலாம், அதற்கு இந்தக் கிரீம் எதுவும் ஆகாது. வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களுக்கு ஒரு பக்கத்தில் மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் பூச்சை விட்டுவிட்டு உடனே வாய்ப் பரிசோதனைக்குப் போங்கள்.

2018-இல் மத்திய அரசு குளோபெட்டசால் உள்ளிட்ட ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆகவே சீட்டு கேட்காமல் அதைக் கொடுக்கும் கடை விதியை மீறுகிறது. இதுபோல வாங்கியவர்கள் அட்டைப்பெட்டியையும் டியூபையும் தூக்கி எறியாதீர்கள், அதில் தொகுதி எண் இருக்கும். பில் கேட்டு வாங்குங்கள். அவற்றோடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். எங்களிடம் பில் இல்லை, இருந்தாலும் டியூபின் படத்தோடு புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.