ஃபிட்ஸ் இருக்கிற பையனுக்கு ஃபிட் லெட்டர்: நாலு விதமாக எழுதலாம், எது தேறும்?

தண்டையார்பேட்டையில் மாலை கிளினிக் வைத்திருக்கிறேன். மாதம் ஏழெட்டு பேராவது வேலைக்குச் சேர மருத்துவத் தகுதிச் சான்று கேட்டு வருவார்கள். பெரும்பாலும் மணலி, எண்ணூர் பக்கத்து யார்டு, குடோன் வேலைகள். பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்து, கண் பார்த்து, ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முடிந்தது. சிக்கல் மீதிப் பேரில் சிலரிடம்தான். அவர்களில் ஒருவர் கதையை, அடையாளம் தெரியாதபடி மாற்றி, இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

காசிமேட்டுப் பையன், வயது 26. வலிப்பு உண்டு. நம்ம ஏரியாவில் அதை 'ஃபிட்ஸ்' என்றுதான் சொல்வோம், கேட்கிற சான்றின் பெயரோ 'ஃபிட்னஸ்'! மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறான், இரண்டு வருடமாக ஒரு தடவைகூட வரவில்லை. கன்டெய்னர் யார்டு ஒன்றில் டாக்குமென்ட் கிளார்க் வேலை கிடைக்கிற மாதிரி இருக்கிறது. "டாக்டர், பேர் மட்டும் போட்டுடாதீங்க, ஒருத்தனுக்குத் தெரிஞ்சா யார்டு முழுக்கத் தெரியும்" என்றான். கூட வந்த அம்மா, "பொய் எழுதச் சொல்லலைங்க, ஆனா..." என்று பாதியில் நிறுத்திவிட்டார்.

முதல் வழி, 'பணிக்குத் தகுதியானவர்' என்று ஒற்றை வரி. எல்லாரும் ஆசைப்படுவது இதைத்தான். நோயே இல்லாதவருக்கும், இருக்கும் நோய்க்கும் பார்க்கப்போகும் வேலைக்கும் ஒட்டே இல்லாதவருக்கும் இது போதும், இதற்கு மேல் ஒரு சொல்கூடத் தேவையில்லை. இந்தப் பையனுக்கு அப்படி எழுத முடியுமா என்று பார்க்க, வேலை என்ன என்று தெரிய வேண்டும். கேட்டேன். பகலில் பெரும்பாலும் மேசை, பில், கேட் பாஸ். ஆனால் ஆள் குறைந்தால் சீல் நம்பர் சரிபார்க்கவும் மேல்தகடு ஓட்டை பார்க்கவும் கன்டெய்னர் மேல் ஏறச் சொல்வார்களாம். சாதாரண கன்டெய்னர் ஒன்றே எட்டரை அடி உயரம், இரண்டு அடுக்கினால் பதினேழு அடி. அங்கே ஒரு தடவை நினைவு தப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தெரிந்துகொண்டே ஒற்றை வரி எழுதினால் அது தவறாக வழிநடத்தும் சான்று. 2002 மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளில் 7.7 இதைத்தான் சொல்கிறது, பதிவேட்டிலிருந்து டாக்டரின் பெயரையே நீக்கலாம். என் பெயரை விடுங்கள், விழப்போவது பையன்.

இரண்டாவது, உள்ளதை உள்ளபடி எழுதுவது: 'வலிப்பு நோய், மாத்திரையில் கட்டுப்பாட்டில் உள்ளது, பணிக்குத் தகுதி உண்டு.' நேர்மையானதுதான். ஆனால் அதே விதிகளில் 7.14, நோயாளி ரகசியத்தை வெளியிடக் கூடாது என்கிறது. விதிவிலக்கு மூன்றுதான்: நீதிபதி உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ தீவிர ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். கம்பெனி எச்.ஆர். கேட்பது இந்த மூன்றிலும் வராது. பையனே சம்மதித்தால் எழுதலாம், ஆனால் 'எழுதலைனா வேலை இல்லை' என்ற நிலையில் வாங்கும் சம்மதத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அந்தக் காகிதம் எச்.ஆர். மேசையோடு நிற்காது, ஜெராக்ஸ் ஆகி சூப்பர்வைசர், செக்யூரிட்டி என்று சுற்றும்.

நோயின் பெயர் பல சமயம் யாரும் கேட்காமலேயே உள்ளே வந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதே விதிகளின் இரண்டாம் பிற்சேர்க்கையில் ஒரு சான்று மாதிரி இருக்கிறது. அது லீவுக்கும், லீவு முடிந்து பணிக்குத் திரும்புவதற்குமானது, லீவுப் பகுதியில் இன்ன நோயால் அவதிப்படுகிறார் என்று நிரப்ப ஓர் இடம் விட்டிருக்கும். வேலைக்குச் சேருகிறவருக்கும் பழக்கத்தில் அதையே எடுத்து, காலியிடத்தை நிரப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

மூன்றாவது வழிதான் மகா மோசம். 'ஒரு மருத்துவப் பிரச்சனைக்குச் சிகிச்சையில் உள்ளார், லேசான வேலை செய்யலாம்.' நோயைச் சொல்லாமல் சமாளித்துவிட்டோம் என்று எழுதியவருக்குத் திருப்தி. படிக்கிறவருக்கு? என்ன பிரச்சனை என்று குடையத் தோன்றும். லேசான வேலை என்றால் ஐந்து கிலோ தூக்கலாமா, ஏணி ஏறலாமா, ஒன்றும் புரியாது. ரகசியமும் அரைகுறை, பாதுகாப்பும் அரைகுறை. இரண்டாவது வழியாவது அவனைக் கன்டெய்னர் மேல் ஏறாமல் தடுத்திருக்கும்.

நாலாவது, நோயை விட்டுவிட்டு வேலையைப் பற்றி மட்டும் எழுதுவது. என் ஓட்டு இதற்குத்தான். 1997-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. வெளியிட்ட, பணியாளர் சொந்தத் தகவல் பற்றிய நெறிமுறையும் இந்தப் பக்கம்தான்: வேலை கொடுப்பவருக்கு மருத்துவ விவரம் வேண்டாம், அந்தப் பணிக்கு உகந்தவரா, எந்த வேலை ஆகாது என்ற முடிவு போதும்.

ஆனால் இதிலும் ஒரு குழி இருக்கிறது, நானே விழப் பார்த்தேன். முதல் வரைவில் உயரம் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, நெருப்பருகே கூடாது, தண்ணீரருகே தனியாக நிற்கக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது என்று வரிசையாக எழுதிவிட்டேன். திரும்பப் படித்தால் சிரிப்பு வந்தது. இந்த ஐந்தையும் சேர்த்துப் பார்க்கிற யாரும், கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிற நம்ம ஊர் ஆயா உட்பட, என்ன நோய் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் கிளார்க் வேலையில் உண்மையில் வருவதை மட்டும் வைத்துக்கொண்டேன். அவன் வண்டி ஓட்டப் போவதில்லை, நெருப்பும் தண்ணீரும் அங்கே இல்லை. மிஞ்சியது இரண்டு. கொடுத்தது ஆங்கிலத்தில், தமிழில் இப்படி வரும்:

'இன்னாரை இன்று பரிசோதித்தேன். விவரிக்கப்பட்ட டாக்குமென்ட் கிளார்க் பணிக்குத் தகுதியானவர். தரைமட்டத்துக்கு மேல் ஏறிச் செய்யும் வேலையும் தொடர் இரவு ஷிப்டும் தரக் கூடாது. ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை.'

அவனையும் அம்மாவையும் படிக்கவைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். நோயின் பெயர் என் கேஸ் ஷீட்டில் இருக்கிறது. சான்றின் நகல், அவன் கையெழுத்து, ஓர் அங்க அடையாளம் மூன்றும் என் சான்றுப் பதிவேட்டில் இருக்கின்றன, அதுவும் விதிப்படி வைத்தாக வேண்டியது. அப்புறம் லெட்டர்ஹெட். அவன் முதலில் நரம்பியல் டாக்டரிடமே சான்று வாங்கலாம் என்றிருந்தான். வார்த்தை எவ்வளவு கவனமாக இருந்தாலும் மேலே 'நரம்பியல்' என்று அச்சடித்திருந்தால் என்ன பயன்? ஸ்பெஷலிஸ்ட் எழுதிய குறிப்பை நான் வாங்கி வைத்துக்கொண்டு, பொது மருத்துவர் தாளில் எழுதினேன். மருந்துச் சீட்டு எதையும் கூடப் பின் அடிக்காதே என்றும் சொல்லி அனுப்பினேன்.

அவன் கேட்டது ட்ரெய்லர் ஓட்டும் வேலை என்றால் இந்த நாலு வழியும் உதவாது. லைசென்ஸுக்கான படிவம் 1-லேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள். கம்பெனிக்கு 'இந்தப் பணிக்குத் தகுதி இல்லை' என்று மட்டும் எழுதலாம், காரணம் எழுத வேண்டியதில்லை. கம்பெனியே ஒரு படிவம் கொடுத்து, கீழ்க்கண்ட நோய் உண்டா என்று விண்ணப்பதாரரிடம் கேட்டால் அது அவர் கையெழுத்திடும் உறுதிமொழி, என் சான்று அதை மூடாது. பொய் எழுதாதே, காலியாக விட்டு 'மருத்துவர் சான்று இணைப்பு' என்று எழுது என்பேன்.

மூன்றாம் நாள் எச்.ஆர். போன் செய்தார். "சார், அந்தப் பையனுக்கு என்ன பிராப்ளம்?" எழுதியதற்கு மேல் சொல்ல முடியாது, அந்தப் பணியில் வேறு எந்த வேலையைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள், முடியுமா முடியாதா என்று சொல்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பதினைந்து கிலோ ஃபைல் பெட்டி தூக்கலாமா என்று கேட்டார். தூக்கலாம் என்றேன். வேலை கிடைத்தது. யார்டில் எல்லாரும் அவனுக்குக் கழுத்து எலும்பு தேய்மானம், மேலே ஏறினால் தலை சுற்றும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். அவனும் திருத்தவில்லை.