ε/2 என்று தொடங்குவதா, 2ε என்று முடிப்பதா? எல்லைகளின் கூட்டல் விதிக்கு மூன்று வழிகள்

x, a-ஐ நெருங்கும்போது f(x) L-ஐயும் g(x) M-ஐயும் நெருங்கினால், f(x) + g(x) L + M-ஐ நெருங்கும். இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் எப்சிலான்-டெல்டா வரையறையிலிருந்து நேராக நிரூபிக்கச் சொன்னால், "ε/2 எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி உடனே எழும். அந்த ε/2 இல்லாமலும் நிரூபிக்கலாம். பாதி பாதியாகப் பிரிக்காமல் வேறு விகிதத்திலும் பிரிக்கலாம். மூன்றையும் ஒரே கணக்கில் போட்டுப் பார்த்தால் எது எங்கே உதவும் என்று தெரிந்துவிடும்.

மூன்றுக்கும் அடித்தளம் ஒன்றுதான், முக்கோணச் சமனிலி:

```
|f(x) + g(x) − (L + M)| ≤ |f(x) − L| + |g(x) − M|
```

மொத்தப் பிழை, தனித்தனிப் பிழைகளின் கூட்டலைத் தாண்டாது. இடப்பக்கம் ε-க்குள் அடங்க வேண்டும். ஆகவே வலப்பக்கத்தின் இரண்டு துண்டுகளுக்கும் ε-ஐ எப்படிப் பங்கு போடுவது என்பதே மீதிக் கேள்வி.

நமது கணக்கு: a = 2, f(x) = x², g(x) = 3x. L = 4, M = 6, கூட்டல் 10. கொடுக்கப்பட்ட ε = 0.1.

பாதி பாதி

பாடப்புத்தகங்களில் வழக்கமாக வருவது இதுதான். f-இன் எல்லை L என்றால், எந்த மிகை எண்ணைக் கொடுத்தாலும் அதற்கேற்ற δ கிடைக்கும் என்று பொருள். "எந்த மிகை எண்ணும்" என்பதால் ε-ஐயே கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ε/2-ஐக் கொடுக்கலாம். அது δ₁-ஐத் தரும். g-இடமும் ε/2-ஐக் கொடுத்து δ₂-ஐ வாங்குகிறோம். δ = min(δ₁, δ₂) என்று எடுத்தால், 0 < |x − a| < δ ஆகும்போது இரண்டு நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்தும். ஒவ்வொரு துண்டும் ε/2-க்குக் கீழே இருப்பதால் கூட்டல் ε-க்குக் கீழே இருக்கும்.

கணக்கில் ஒவ்வொன்றுக்கும் 0.05 கிடைக்கிறது. |3x − 6| = 3|x − 2| என்பதால் δ₂ = 0.05/3, அதாவது ஏறக்குறைய 0.0167. x²-க்கு |x − 2||x + 2| வரும். x, 2-இலிருந்து 1 தூரத்துக்குள் இருந்தால் |x + 2| < 5, ஆகவே δ₁ = 0.05/5 = 0.01. சிறியது 0.01, அதுவே நம் δ.

இப்போது திரும்பிப் பாருங்கள். |x − 2| < 0.01 என்றால் x²-இன் பிழை 0.05-க்குள் இருக்கிறது, 3x-இன் பிழையோ 0.03-க்குள்ளேயே நின்றுவிடுகிறது. மொத்தம் 0.08. மீதி 0.02 பயன்படாமல் கிடக்கிறது. நிரூபணத்துக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. ஏதாவது ஒரு δ இருந்தால் போதும், மிகப் பெரிய δ-வை யாரும் கேட்கவில்லை.

பிரிக்காமல் 2ε-இல் முடிப்பது

இரண்டாவது வழியில் f-இடமும் g-இடமும் ε-ஐ அப்படியே கொடுத்து, சிறிய δ-வை எடுத்து, கடைசியில் "பிழை < 2ε" என்று நிறுத்துவார்கள். எழுத இது சுலபம். ε/2 எங்கிருந்தோ குதித்தது போன்ற உணர்வும் வராது. ஆனால் இங்கே ஒரு படி பாக்கி இருக்கிறது.

நமது கணக்கில் δ₁ = 0.1/5 = 0.02, δ₂ = 0.1/3, சிறியது 0.02. இந்த δ-வை ε = 0.1-க்கான விடையாகச் சொன்னால் தவறு. x = 2.019 என்று வைத்தால் x² + 3x = 10.133361, பிழை 0.13-ஐத் தாண்டிவிட்டது. இந்த δ, 0.2 என்ற பிழை வரம்புக்குத்தான் உத்தரவாதம் தருகிறது.

ஆகவே இந்த வழியில் போகிறவர் முதலில் ஒரு துணை முடிவை எழுத வேண்டும்: K என்ற மாறாத மிகை எண் ஒன்று இருந்து, ஒவ்வொரு ε-க்கும் பிழையை Kε-க்குக் கீழே கொண்டுவரும் δ கிடைத்தால், எல்லை உண்மையே. நிரூபணம் ஒரு வரிதான்: ε வேண்டுமென்றால் ε/K-ஐக் கொடுத்து δ-வை வாங்கிக்கொள்ளலாம். K = 2 என்றால் அது அதே பழைய ε/2. K, ε-ஐயோ x-ஐயோ சார்ந்திருக்கக் கூடாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கூட்டலில் K வெறும் 2 என்பதால் சிக்கல் வராது. பெருக்கல் விதிக்குப் போகும்போது K-இன் இடத்தில் |f(x)| வந்து உட்காரும். அது x-ஐச் சார்ந்தது, முதலில் அதற்கு ஒரு வரம்பு காட்டியாக வேண்டும். அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

இந்த வழியைப் பாதி புரிந்துகொண்டவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. 2ε வந்துவிட்டதே என்று ε-ஐ விட்டுவிட்டு δ-வைப் பாதியாக்குவார்கள். நம் கணக்கில் 0.02-இன் பாதி 0.01, அது சரியாகவே வேலை செய்யும்! x² + 3x, 2-க்கு அருகே நேர்கோடு போல நடப்பதால் கிடைத்த அதிர்ஷ்டம் அது. f(x) = g(x) = √|x|, a = 0 என்று எடுத்துப் பாருங்கள். ε = 0.1-க்கு δ = 0.01. பாதி 0.005. x = 0.0049 என்றால் √x = 0.07, கூட்டல் 0.14, வரம்பைத் தாண்டிவிட்டது. இங்கே δ கால்பங்காக, 0.0025 ஆக வேண்டும். δ எவ்வளவு சுருங்க வேண்டும் என்பது சார்பைப் பொறுத்தது. அதனால்தான் பாதியாக்குவதை ε-இல் செய்துவிட்டு, δ-வைத் தரும் வேலையை வரையறையிடம் விடுகிறோம்.

சமமில்லாத பங்கு

மூன்றாவது வழியில் ε-ஐ 5 : 3 என்று பிரிக்கலாம். x²-க்கு 0.0625, 3x-க்கு 0.0375. அப்போது δ₁ = 0.0625/5 = 0.0125, δ₂ = 0.0375/3 = 0.0125. இரண்டும் ஒன்றாகிவிட்டன, எதுவும் வீணாகவில்லை. x² + 3x − 10 = (x − 2)(x + 5) என்று நேரடியாகக் காரணிப்படுத்தி, |x + 5| < 8 என்று வைத்தாலும் இதே 0.1/8 = 0.0125தான் வரும். உண்மையில் பொருந்தும் மிகப் பெரிய δ ஏறக்குறைய 0.01426, ஆகவே இது நல்ல நெருக்கம்.

ஆனால் 5 : 3 என்பது இந்த இரண்டு சார்புகளைப் பார்த்த பிறகு கிடைத்த விகிதம். பொதுவான f, g-க்கு அதைச் சொல்ல வழியில்லை. அதனால் பொது நிரூபணத்தை எழுத நான் பாதி பாதியையே எடுப்பேன். முதன்முறை படிப்பவருக்குக் கடைசி வரியில் ε சுத்தமாக வந்து நிற்பது பெரிய உதவி. துணை முடிவை ஒருமுறை நிரூபித்தவர், அப்புறம் 2ε-இல் தாராளமாக நிறுத்தலாம். எண் கணக்கில் δ பெரிதாக இருப்பது முக்கியமென்றால் மட்டும் மூன்றாவது.

மூன்று சார்புகள் என்றால் ε/3, நூறு என்றால் ε/100. முடிவுள்ள எண்ணிக்கை வரை மூன்று வழிகளும் ஒரே மாதிரி நீளும், சிறிய δ எப்போதும் மிகை எண்ணாகவே இருக்கும். முடிவில்லாத எண்ணிக்கையில் அது உடைகிறது: δ-க்கள் 1, 1/2, 1/3, ... என்று போனால் அவை எல்லாவற்றையும்விடச் சிறிய மிகை எண் எதுவும் இல்லை. தொடர்ச்சியான சார்புகளின் ஒருங்கும் தொடருக்குக் கூட்டலும் தொடர்ச்சியானது என்று கோஷி 1821-இல் எழுதினார். 1826-இல் ஆபெல் இந்தத் தொடரை எதிரே வைத்தார்:

```
sin x − (sin 2x)/2 + (sin 3x)/3 − ...
```

−π-க்கும் π-க்கும் இடையே இதன் கூட்டல் x/2. x இடப்பக்கமிருந்து π-ஐ நெருங்கும்போது கூட்டல் π/2-ஐ நெருங்குகிறது. π-இலோ ஒவ்வொரு உறுப்பும் 0, கூட்டலும் 0.