இடுப்பு 88, தொடை 60: ஜட்டி, டிரங்க், பாக்ஸர் மூன்றையும் மூன்று வருடம் போட்டுப் பார்த்த அனுபவம்

பல வருடங்களாக நான் வாங்கியது 85 செ.மீ. ஜட்டிதான். கடையில் கேட்கிற ஒரே கேள்வி, "பேன்ட் சைஸ் என்னண்ணே?" நான் 34 என்பேன். "அப்ப 85 எடுத்துக்கோங்க" என்று பெட்டியை நீட்டுவார்கள். 34 இஞ்ச் என்பது கிட்டத்தட்ட 86 செ.மீ., அதனால் அந்தக் கணக்கில் தப்பு தெரியாது. ஆனால் எனக்குத் தினமும் 40 கிலோமீட்டர் பைக் ஓட்டுகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தொடையிடுக்கில் சிவப்பாக ஒரு கோடு இருக்கும். குளித்துவிட்டு வந்த பிறகும் அது மறையாது. அந்த இடம் மெல்ல மெல்லக் கறுத்து, வெயில் காலத்தில் உரசி எரியவும் ஆரம்பித்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால்தான் தையல்காரர் வைத்திருக்கிற மாதிரி ஓர் இஞ்ச் டேப் வாங்கி உடம்பை அளந்தேன். பேன்ட்டின் பட்டையை உள்பக்கமாக அளந்தால் 34 என்று போட்ட பேன்ட் 89 செ.மீ. வந்தது. ரெடிமேட் பேன்ட்டில் எழுதியிருக்கும் எண்ணைவிடத் துணி கொஞ்சம் தாராளமாக இருப்பது சாதாரணம். அதனால் பேன்ட் சைஸை வைத்து ஜட்டி வாங்கக் கூடாது. எலாஸ்டிக் எந்த இடத்தில் உட்காருமோ அங்கே, வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை விட்டுவிட்டு டேப்பைச் சுற்ற வேண்டும். எனக்கு அது 88. பெட்டியில் எம், எல் என்று இருப்பதைப் பார்ப்பதில் பலனில்லை. ஒரு கம்பெனியின் எம் இன்னொன்றின் எல் ஆக இருக்கும். பக்கத்தில் செ.மீ. கணக்கில் போட்டிருக்கும் எண்தான் கணக்கு.

சரி, 88 என்றால் 90 வாங்கிவிடலாம் என்று வாங்கினேன். இடுப்பு நிம்மதியானது, தொடையிடுக்குக் கோடு மட்டும் போகவில்லை. காரணம் புரிய அடுத்த அளவு தேவைப்பட்டது. இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நின்று, கவட்டிக்கு ஓர் இஞ்ச் கீழே, தொடை மிகவும் பருமனாக இருக்கும் இடத்தில் டேப்பைச் சுற்றினால் 60 செ.மீ. ஆனால் ஜட்டியின் கால் எலாஸ்டிக் அங்கே உட்காருவதில்லை. அது கவட்டியிலிருந்து தொடை மடிப்பு வழியாகச் சாய்வாக ஏறி, இடுப்பெலும்புப் பக்கம் போய், பின்னால் சுற்றி வருகிறது. அந்தச் சாய்வான பாதையை அளந்தால் எனக்கு 62.

அப்புறம் ஜட்டியைத் தரையில் விரித்துக் கால் ஓட்டையை அளந்தேன். 85-இல் சுற்றளவு 50, 90-இல் 52. இடுப்பளவு 5 செ.மீ. ஏறும்போது கால் ஓட்டை வெறும் 2 செ.மீ.தான் ஏறுகிறது! என் தொடைக்கு இதமாக வேண்டும் என்றால் இன்னும் இரண்டு சைஸ் ஏற வேண்டும், அப்போது இடுப்பில் நிற்காமல் நழுவும். எனக்கு ஒல்லியான தொடையும் இதே இடுப்பும் இருந்திருந்தால் 90 ஜட்டி அருமையாகப் பொருந்தியிருக்கும். தொடை பருத்தவர்கள் தொடைக்காகச் சைஸை ஏற்றிக்கொண்டே போவதைவிட வகையை மாற்றுவதே வழி என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

முதலில் டிரங்க். நம் ஊரில் இந்தப் பெயரில் இரண்டு பொருள் இருக்கிறது. பெரியவர்கள் வேட்டிக்குள் போடும், பாக்கெட் வைத்த நீளக்கால் டிரங்க் ஒன்று. காலில் இரண்டு மூன்று இஞ்ச் துணி மட்டும் வரும் புது மாதிரி டிரங்க் மற்றொன்று. நான் முதலில் வாங்கியது குட்டைக்கால் வகை, 90 செ.மீ., முழுப் பருத்தி. தொடையிடுக்கில் எலாஸ்டிக் இல்லாததால் அந்தச் சிவப்புக் கோடு ஒரே வாரத்தில் மறைந்தது. ஆனால் வண்டியில் ஏறி இறங்கும்போதெல்லாம் கால் சுருண்டு மேலே ஏறி, கவட்டியில் கயிறு மாதிரி திரண்டுகொள்ளும். அதன் கால் வாயை அளந்தேன், 50 செ.மீ. இருந்தது. தொடை மிகவும் பருமனாக இருக்கும் இடத்திலேயே அந்த விளிம்பு முடிகிறது. இழுபட்டு நிற்கிற துணியை, உட்காரும்போது பின்பக்கம் மேலே இழுக்கிறது. இரண்டு தொடையும் உரசுவதும் சேர்ந்து சுருட்டிவிடுகிறது.

அடுத்து வாங்கியது ஐந்து இஞ்ச் கால் உள்ள டிரங்க், 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் எலாஸ்டேன் என்கிற இழுபடும் இழை. கால் வாய் 54 செ.மீ. விளிம்பு இன்னும் கீழே, என் தொடை 56 செ.மீ.க்குக் குறைகிற இடத்தில் போய் நிற்கிறது. இது சுருளவே இல்லை. குட்டைக்கால் வகையிலும் 54 வாய் உள்ள ஒன்று பின்னால் கிடைத்தது, அதுவும் பரவாயில்லை. தொடையளவில் பத்தில் ஒரு பங்கு குறைவாகக் கால் வாய் இருந்தால் பிடித்தும் நிற்கிறது, அழுத்தவும் இல்லை. இது பின்னல் துணிக்கு என் உடம்பில் சரிப்பட்ட கணக்கு.

பாக்ஸருக்கு இந்தக் கணக்கே செல்லாது. நான் சொல்வது சட்டைத் துணி மாதிரி நெய்த பருத்தியில் தைத்த தொளதொள பாக்ஸர். நெய்த துணி இழுபடாது, அதனால் எல்லா இடத்திலும் உடம்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து அளந்தால் என் தொடை 63 ஆகிறது. 66 செ.மீ. கால் வாய் உள்ள பாக்ஸரில் நிம்மதியாக உட்கார முடிகிறது. இதில் இடுப்பைவிட முக்கியம், தையல்காரர்கள் 'சீட்' என்று சொல்லும் பின்புறச் சுற்றளவு. அது பற்றாவிட்டால் குனியும்போது நடுத்தையல் பிரியும். எனக்கு ஒன்று அப்படித்தான் போனது. வீட்டில், இரவில் போட பாக்ஸரைப் போலச் சுகம் இல்லை, காற்றோட்டம் அவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் தாங்கிப் பிடிக்காது. ஒட்டிய பேன்ட்டுக்குள் மடிப்பு மடிப்பாகத் திரளும். வண்டி ஓட்டும் நாளில் போடுவதில்லை.

கடையில் உள்ளாடையைப் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், பிரித்த பெட்டியைத் திரும்ப எடுப்பதும் இல்லை. அதனால் புது மாதிரி என்றால் மூன்று உள்ள பெட்டியை எடுக்காமல் ஒன்று மட்டும் வாங்குகிறேன். கடைக்காரர் காட்டும் சாம்பிள் துணியில் டேப் வைத்துக் கால் வாயைப் பார்த்துவிடுகிறேன். முழுப் பருத்தியானால் முதல் இரண்டு மூன்று துவைப்பில் கொஞ்சம் சுருங்கும், முக்கியமாக நீளவாக்கில். குட்டைக்கால் டிரங்க் இன்னும் குட்டையாகிவிடுவது இதனால்தான். எலாஸ்டேன் கலந்ததை வெந்நீரில் போடாமல், பிளீச் சேர்க்காமல், நிழலில் காயவைத்தால் பிடிமானம் அதிக நாள் நிற்கிறது.

இப்போது வேலை நாளில் ஐந்து இஞ்ச் டிரங்க், வீட்டில் பாக்ஸர். ஜட்டி, வேட்டி கட்டும் நாளில் மட்டும். நடப்பது குறைவு என்பதால் அன்றைக்குத் தொந்தரவு தருவதில்லை. டிரங்கின் இடுப்புப் பட்டை புதிதாக இருக்கும்போது இழுக்காமல் அளந்தால் 70 செ.மீ. இருந்தது. ஒன்றரை வருடத்தில் அது 76 ஆகி, பைக்கிலிருந்து இறங்கும்போதெல்லாம் கீழே நழுவியது. போன மாதம் அந்தச் செட்டை மாற்றிவிட்டேன்.